காலை அளந்துவிட்டுக் கடைக்குப் போங்கள்

சென்னை ரத்தன் பஜார் ஆனாலும் சரி, கும்பகோணத்துக் கடைத்தெரு ஆனாலும் சரி, குழந்தைக்கு சைக்கிள் வாங்கப் போனால் கடைக்காரர் கேட்கும் முதல் கேள்வி, "பிள்ளை எத்தனாவது படிக்குது?" மூன்றாவது என்றால் 20 இஞ்ச், ஆறாவது என்றால் 24, எட்டாவதைத் தாண்டினால் 26. கேள்வி முடிவதற்குள் அப்பாவிடமிருந்தோ அம்மாவிடமிருந்தோ ஒரு திருத்தம் வரும்: "வளர்ற பிள்ளைண்ணே, ஒரு சைஸ் பெரிசாவே குடுங்க."

பெரிய சட்டை வாங்கினால் கையை மடித்துவிட்டுக்கொள்ளலாம். சைக்கிளை மடித்துவிட முடியாது. ஒரு சைஸ் பெரிய சைக்கிளில் ஏறும் குழந்தைக்கு நிறுத்தும்போது கால் தரையில் எட்டாது. ஓடும்போது ஒவ்வொரு பெடலுக்கும் இடுப்பு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சரியும். பிரேக் பிடிக்க விரல் முழுதாகச் சுற்றாது. இந்த மூன்றில் ஒன்று தெரிந்தாலே சைக்கிள் பெரிது என்று அர்த்தம். முன்பெல்லாம் வீட்டில் இருந்த ஒரே சைக்கிள் அப்பாவுடையது என்பதால், பாருக்கு அடியில் காலை நுழைத்துக் குரங்குப் பெடல் போட்டே ஊர் முழுக்கக் கற்றுக்கொண்டது. வேறு வழி இல்லாத காலத்துச் சாமர்த்தியம் அது. காசு கொடுத்து அந்த நிலைமையை வாங்க வேண்டியதில்லை.

கடைக்காரர் சொல்லும் 20, 24, 26 எல்லாம் சக்கரத்தின் குறுக்களவு. குழந்தை சக்கரத்தின் மேல் உட்காருவதில்லை. சீட்டின் மேல் உட்காருகிறது. ஒரே 20 இஞ்ச் சக்கரம் போட்ட இரண்டு சைக்கிள்களில் சீட்டின் உயரம் நான்கு ஐந்து சென்டிமீட்டர் வித்தியாசப்படலாம். ஆகவே வீட்டை விட்டுக் கிளம்பும் முன் ஓர் அளவு எடுக்க வேண்டும். குழந்தையைச் செருப்பில்லாமல் சுவரோடு ஒட்டி நிற்கச் சொல்லி, கெட்டி அட்டை போட்ட ஒரு நோட்டைக் கால்களுக்கு நடுவே, அதன் முதுகு மேல்பக்கம் இருக்கும்படி, இதமாக உயர்த்திப் பிடிக்க வேண்டும். நோட்டின் மேல்விளிம்பிலிருந்து தரை வரை அளந்தால் கிடைப்பது உள்கால் நீளம். சைக்கிள் வாங்க வயது, வகுப்பு, உயரம் எல்லாவற்றையும்விட உதவும் எண் இதுதான்.

இன்னும் ஓட்டத் தெரியாத குழந்தைக்குத் தரையிலிருந்து சீட்டின் உயரம், உள்கால் நீளத்துக்குச் சமமாக இருக்க வேண்டும். அப்போதுதான் இரண்டு பாதமும் முழுதாகத் தரையில் பதியும், பயம் போகும். ஓட்டத் தெரிந்த பிறகு சீட்டை அதைவிட 5 சென்டிமீட்டர் உயர்த்தலாம். நிற்கும்போது முன்பாதம் ஊன்றும், ஓடும்போது கால் நன்றாக நீளும். கடையில் டேப்பைக் கையில் எடுத்து, சீட்டை முழுதாக இறக்கி ஒரு முறை, முழுதாக ஏற்றி ஒரு முறை அளந்து பார்க்க வேண்டும். ஏற்றும்போது சீட் பைப்பில் ஒரு கோடு பொறித்திருக்கும். அந்தக் கோடு வெளியே தெரியும் அளவுக்கு உயர்த்தக் கூடாது. உயர்த்தினால் பைப் வளையும், அல்லது ஃப்ரேமின் கழுத்தில் விரிசல் விடும்.

இப்போது ஒரு வீட்டுக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். எட்டு வயதுப் பெண், உயரம் 126 சென்டிமீட்டர், உள்கால் 57. கடையில் உள்ள ஒரு 20 இஞ்ச் சைக்கிளின் சீட் 60லிருந்து 73 சென்டிமீட்டர் வரை போகிறது என்று வைத்துக்கொள்வோம். இன்று அவளுக்கு வேண்டியது 62, பொருந்துகிறது. இந்த வயதில் குழந்தைகள் ஆண்டுக்கு ஏறக்குறைய 5, 6 சென்டிமீட்டர் வளர்வார்கள். அதில் பாதி கால் நீளம். அதாவது உள்கால் ஆண்டுக்கு 3 சென்டிமீட்டர் கூடும். சீட்டில் மிச்சமுள்ள 11 சென்டிமீட்டரை மூன்றால் வகுத்தால் மூன்றரை ஆண்டு. ஆனால் சீட் உயர உயர உடம்பும் நீள்கிறது, ஹேண்டில் பார் அதே இடத்தில் நிற்கிறது. திருப்பத்தில் முழங்கால் ஹேண்டிலில் இடிக்க ஆரம்பிக்கும்போது சைக்கிள் முடிந்தது. நடைமுறையில் மூன்று ஆண்டு.

அதே கடையில் 24 இஞ்ச் சைக்கிளின் சீட் எவ்வளவு இறக்கினாலும் 72க்குக் கீழே வரவில்லை. அதற்கு 67 சென்டிமீட்டர் உள்கால் வேண்டும்; பதினோரு வயதுக்குப் பிறகுதான் அவளுக்கு அது வரும். "பெரிசாவே குடுங்க" என்று சொல்லி இன்றே அதை வாங்கினால் மூன்று ஆண்டு மாடிப்படிக்கு அடியில் நிற்கும். டயர் ரப்பர் காய்ந்து வெடித்த பிறகு வெளியே வரும். அதைவிட மோசம், அதற்கு முன்பே அவள் அதை ஓட்ட முயல்வது.

காசு மிச்சமா? 20 இஞ்ச் 6,500 ரூபாய்க்கு வாங்கி, மூன்று ஆண்டு கழித்து 2,000க்கு விற்றால் தேய்ந்தது 4,500. ஆண்டுக்கு 1,500. பஞ்சர், டியூப், பிரேக் கட்டை, ஒரு சர்வீஸ் என்று 500 சேர்த்தால் ஆண்டுச் செலவு 2,000. முன்கூட்டி வாங்கிய 24 இஞ்ச் 8,000 ரூபாய், கடைசியில் அதுவும் 2,000க்கு விற்கிறது. உண்மையில் ஓட்டியது மூன்று ஆண்டு. ஆண்டுக்கு 2,000, அதற்கு மேல் புது டயர், பராமரிப்பு. ஒரு பைசா மிச்சமில்லை, நடுவில் மூன்று ஆண்டு சைக்கிளே இல்லை.

உண்மையில் மிச்சம் வேறு இடத்தில் இருக்கிறது. அதே 20 இஞ்சைப் பழசாக 2,500 ரூபாய்க்கு வாங்கி, 700 ரூபாய்க்கு டியூபும் பிரேக் கட்டையும் மாற்றி, மூன்று ஆண்டு கழித்து 1,500க்கு விற்றால் தேய்ந்தது 1,700தான். ஆண்டுக்கு அறுநூறுக்குள் முடிகிறது. பராமரிப்பு 500 சேர்த்தாலும் புதியதன் செலவில் ஏறக்குறைய பாதி. குழந்தை சைக்கிள் தேய்வதற்கு முன்பே குழந்தை வளர்ந்துவிடுகிறது. அதனால்தான் பழைய குழந்தை சைக்கிள்கள் பெரும்பாலும் நல்ல நிலையில் கிடைக்கின்றன. பெரியவர்கள் விஷயத்தில் கதை தலைகீழ்: அவர்கள் கால் மாறுவதில்லை, சைக்கிள்தான் தேய்கிறது. அங்கே பழசு வாங்குவது யோசித்துச் செய்ய வேண்டிய காரியம்.

பதினோரு வயதில் 24 வாங்குவதா என்பதும் அப்படியே நம்பிவிட வேண்டிய படிக்கட்டு அல்ல. பெண் குழந்தைகள் பத்திலிருந்து பன்னிரண்டு வயதுக்குள் சட்டென்று உயர்வார்கள். அதே குறுக்களவில் சற்று நீளமான சீட் பைப் போட்டு 20 இஞ்சை ஒரு ஆறு மாதம் இழுத்து, நேராக 26 இஞ்ச் லேடீஸ் சைக்கிளுக்குத் தாவிவிடலாம். அதில் ஏறும் இடம் தாழ்வாக இருப்பதால் கால் எட்டுவதில் கொஞ்சம் தாராளம் கிடைக்கும். பையன்களுக்கு அந்தத் தாவல் இரண்டு ஆண்டு தள்ளித்தான் வரும். அவர்களுக்கு 24 இஞ்ச் உபயோகப்படும்.

தமிழ்நாடு அரசு விலையில்லா சைக்கிளை 11ஆம் வகுப்பில் கொடுப்பதை இந்தக் கோணத்தில் பார்த்தால் ஒரு லாபம் தெரியும். 2001-02இல் பட்டியல் சாதி, பழங்குடி மாணவிகளுக்கு என்று தொடங்கி, 2005-06இல் அரசு, அரசு உதவி பெறும் பள்ளி மாணவர்கள் அனைவருக்கும் விரிந்த திட்டம் அது. பதினைந்து, பதினாறு வயதில் பெண்களின் வளர்ச்சி பெரும்பாலும் முடிந்திருக்கும், பையன்களுக்கும் கொஞ்சம்தான் பாக்கி. ஒரே அளவு சைக்கிளைப் பல்லாயிரம் பேருக்குக் கொடுத்தும் பொருந்துகிறது. அதையே ஆறாம் வகுப்பில் செய்திருந்தால் மூன்று அளவுகளில் வாங்க வேண்டியிருந்திருக்கும், பிறகு மாற்றியும் கொடுக்க வேண்டியிருந்திருக்கும்.

அளவுக்கு அடுத்தது எடை. கடையில் கண்ணைப் பறிக்கும் குழந்தை சைக்கிள்களில் தடித்த டயர், முன்னால் ஷாக் அப்சார்பர், இரண்டு பக்கமும் டிஸ்க் பிரேக் இருக்கும். இவ்வளவும் சேர்ந்தால் 20 இஞ்ச் சைக்கிளே 14 கிலோ வரை போகும். ஓட்டுகிற குழந்தை 24 கிலோ. அவள் பாரத்துக்கு அந்த ஸ்பிரிங் அசைவதே அபூர்வம். சுமப்பது மட்டும் மிச்சம். ஒரு கையால் தூக்கிப் பார்த்து, இரண்டில் இலேசானதை எடுப்பது நல்லது.

ஃப்ரேமைப் பற்றிச் சொல்லும்போது பார் வைத்ததா, வைக்காததா என்ற கேள்வி வரும். முக்கோணமாக மூடிய ஃப்ரேம் அதே இரும்பில் அதிக உறுதி தரும். கேரியரில் 30 கிலோ ஏற்றினாலும் ஆடாது. பார் இல்லாத ஃப்ரேமில் அதே உறுதி வேண்டுமென்றால் குழாய் தடிக்க வேண்டும், எடை கூடும். ஆனால் புடவையோ பாவாடையோ கட்டியவருக்கும், முழங்கால் வலி உள்ளவருக்கும், பின்னால் பிள்ளையை உட்கார வைத்துக்கொண்டு ஏறுபவருக்கும் பார் இல்லாததே சௌகரியம். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தோடு சேர்ந்து ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கற்றபோது லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்தது. பலர் பார் வைத்ததையே வாங்கினார்கள். குழந்தையை முன்னால் பாரில் உட்கார வைக்கலாமே, அதனால் இதுவே மேல் என்று சிலர் சொன்னதைப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். பார் வைத்ததை எடுப்பவர் ஒன்றை மட்டும் சோதிக்க வேண்டும்: இரு காலும் தரையில் ஊன்றி பாருக்கு மேல் நின்றால், இடையில் இரண்டு மூன்று சென்டிமீட்டராவது இடைவெளி இருக்க வேண்டும். கறுப்பு சைக்கிளில் 22, 24 என்று சொல்வது சக்கரத்தை அல்ல, ஃப்ரேமின் உயரத்தை. 24 நெட்டையானவர்களுக்கு, சராசரி உயரக்காரர் 22இலேயே பாரை உரசிக்கொண்டுதான் நிற்பார்.

இனி கியர். இதில்தான் எண்ணைக் காட்டி விற்பது அதிகம்.

சாதாரண கறுப்பு சைக்கிளில் பெடலோடு சுழலும் முன்பல் சக்கரத்தில் வழக்கமாக 44 பல், பின்னால் ஃப்ரீவீலில் 18. பெடல் ஒரு சுற்று சுற்றினால் பின்சக்கரம் 44ஐ 18ஆல் வகுத்த அளவு, அதாவது சுமார் 2.4 தடவை சுற்றும். பெரிய 28 இஞ்ச் சக்கரம் ஒரு தடவை உருண்டால் ஏறக்குறைய 2.2 மீட்டர். ஆக ஒரு மிதிக்கு 5.4 மீட்டர். நிமிடத்துக்கு 60 தடவை மிதித்தால் மணிக்கு 19 கிலோமீட்டர் வேகம். தஞ்சாவூர், நாகப்பட்டினம், சென்னை போன்ற சமதரையில் அலுவலகம் போகும் மனிதரின் இயல்பான வேகம் இதுதான். அந்த இரண்டு எண்கள் இத்தனை காலம் நிலைத்து நிற்பதற்குக் காரணம் இருக்கிறது.

அதே சைக்கிளைக் குன்னூர்ப் பக்கம் கொண்டுபோனால் நிலைமை வேறு. 100 மீட்டருக்கு 5 மீட்டர் ஏறும் பாதை. ஆள், சைக்கிள், பை எல்லாம் சேர்ந்து 95 கிலோ. பயிற்சி இல்லாத ஒருவர் தொடர்ந்து கொடுக்கக்கூடிய சக்திக்கு அந்த ஏற்றத்தில் மணிக்கு 6, 7 கிலோமீட்டர்தான் போக முடியும். ஒரு மிதிக்கு 5.4 மீட்டர் என்றால் நிமிடத்துக்கு இருபது மிதி. எழுந்து நின்று ஒவ்வொரு மிதியையும் உடம்பால் அழுத்த வேண்டும். பத்து நிமிடத்தில் இறங்கித் தள்ள வேண்டியதுதான். முன்னால் 24 பல், பின்னால் 28 பல் உள்ள கியர் சைக்கிளில் அதே வேகத்துக்கு ஒரு மிதி சுமார் 1.75 மீட்டர்; நிமிடத்துக்கு 60 மிதி. உட்கார்ந்தபடியே போகலாம். கியர் செய்வது இவ்வளவுதான்: சக்தியைக் கூட்டுவதில்லை, காலுக்கு வசதியான சுற்றில் வைத்திருக்கிறது.

அப்படியானால் 21 கியர் என்று ஸ்டிக்கர் ஒட்டிய சைக்கிளில் 21 விதமான வேகம் உண்டா? பரவலாகக் கிடைக்கும் ஒரு செட்டை எடுத்துக்கொள்வோம்: முன்னால் 42, 34, 24, பின்னால் 14, 16, 18, 20, 22, 24, 28. 42ஐ 24ஆல் வகுத்தால் 1.75. 34ஐ 20ஆல் வகுத்தால் 1.70. 24ஐ 14ஆல் வகுத்தால் 1.71. கால் இந்த மூன்றுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்காது. இப்படி ஒன்றின் மேல் ஒன்று விழுவதையும், செயின் குறுக்கே இழுபட்டு உரசுவதால் பயன்படுத்தக் கூடாத ஜோடிகளையும் கழித்தால் உருப்படியாக மிஞ்சுவது பத்துப் பன்னிரண்டு. முன்னால் ஒன்று, பின்னால் ஏழு என்ற 7 கியர் சைக்கிள் நகரத்துப் பாலங்களுக்கும் எதிர்க்காற்றுக்கும் போதும். ஒரு ஷிஃப்டர், ஒரு வயர், ஒரு தொல்லை குறைவு. ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு வாசிகளுக்கு மட்டும் முன்னால் சின்னப் பல் உள்ள செட் அவசியம். அவர்கள் கியர் எத்தனை என்று கேட்பதைவிட, மிகச் சிறிய முன்பல்லும் மிகப் பெரிய பின்பல்லும் எத்தனை என்று கேட்க வேண்டும். பின்பல் முன்பல்லுக்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருந்தால் மலை ஏறும்.

கியர் இல்லாத சைக்கிள் வைத்திருப்பவர், வழியில் ஒரே ஒரு மேம்பாலம் மூச்சு வாங்கவைக்கிறது என்பதற்காக வேறு சைக்கிள் தேட வேண்டாம். ஃப்ரீவீலை 18 பல்லிலிருந்து 20 பல்லாக மாற்றச் சொன்னால் போதும். ஒரு மிதி 5.4 மீட்டரிலிருந்து 4.8க்கு இறங்கும், பத்தில் ஒரு பங்கு இலகுவாகும். சமதரையில் கொஞ்சம் வேகம் குறையும். அதைப் பெரும்பாலோர் கவனிப்பதில்லை.

அலுவலகம் போவோருக்கு ஆண்டுக் கணக்கு எப்படி வரும்? ஒரு வழி 6 கிலோமீட்டர், ஆண்டில் 250 நாள் என்றால் 3,000 கிலோமீட்டர். கீழே வரும் விலைகள் கணக்குக்காக எடுத்தவை; அவரவர் ஊர் விலையைப் போட்டுக்கொள்ளலாம். 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிள்மீதான ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாக இறங்கியிருப்பதால் பழைய விலைப்பட்டியலை நம்ப வேண்டாம்.

கேரியர், மட்கார்டு, ஸ்டாண்டு, செயின் கவர் எல்லாம் சேர்ந்தே வரும் கறுப்பு சைக்கிள் 7,500 ரூபாய் என்று வைப்போம். பத்து ஆண்டு உழைத்து 1,000க்குப் போனால் தேய்மானம் ஆண்டுக்கு 650. மூன்று ஆண்டுக்கு ஒரு முறை டயர், டியூப்; வருஷம் ஒரு முறை பால்ரஸ் பார்த்து கிரீஸ் வைத்து ஓவராயில்; பஞ்சர், பிரேக் கட்டை. எல்லாம் 1,100. மொத்தம் 1,750. கிலோமீட்டருக்கு 58 பைசா.

முன்னால் ஷாக் அப்சார்பர் உள்ள 21 கியர் சைக்கிள் 15,000. மட்கார்டு, கேரியர், ஸ்டாண்டு தனியாக வாங்கிப் போட 1,500. மழையில் முதுகில் சேறு அடித்த மறுநாளே அதை எல்லோரும் வாங்குகிறார்கள். ஆறு ஆண்டு ஓட்டி 3,000க்கு விற்றால் தேய்மானம் ஆண்டுக்கு 2,250. செயினும் ஃப்ரீவீலும் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை, தடித்த டயர், ஆண்டில் இரண்டு முறை கியர் ட்யூனிங், வயர் என்று 2,400. மொத்தம் 4,650, கிலோமீட்டருக்கு 1.55 ரூபாய். மூன்றாவதாக, ஷாக் இல்லாத, மெல்லிய டயர் போட்ட 7 கியர் ஹைப்ரிட் 20,000. பத்து ஆண்டு, விற்றால் 4,000. தேய்மானம் 1,600, பராமரிப்பு 1,900. மொத்தம் 3,500. கடையில் 5,000 ரூபாய் அதிகம் கேட்ட சைக்கிள் ஆண்டுக்கு 1,150 குறைவாகவே செலவு வைக்கிறது. மலிவான ஷாக் அப்சார்பர்தான் முதலில் லூசாகி, சைக்கிளின் ஆயுளைக் குறைக்கும் பாகம் என்பதால் ஆறுக்கும் பத்துக்குமான வித்தியாசம்.

இந்தக் கணக்கெல்லாம் தினம் ஓட்டுபவருக்கு. ஞாயிற்றுக்கிழமை மட்டும் எடுப்பவருக்குத் தேய்மானம் அப்படியேதான் இருக்கும், கிலோமீட்டர் மட்டும் குறையும். 20,000 ரூபாய் சைக்கிள் வாரம் பத்து கிலோமீட்டர் போனால் தேய்மானம் மட்டுமே கிலோமீட்டருக்கு மூன்று ரூபாயைத் தாண்டும். சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் 2021 மே முதல் இலவசமாகப் போகும் தமிழ்நாட்டுப் பெண்களுக்கு, பணம் மிச்சம் என்பது சைக்கிள் வாங்கக் காரணமே ஆகாது. பஸ் வராத தெருவும், காத்திருக்கும் நேரமும் அவர்கள் பக்கத்துக் காரணங்கள்.

பழைய கியர் சைக்கிள் வாங்குபவருக்குக் கடையில் உதவும் ஒரே கருவி பள்ளிக்கூட ஸ்கேல். செயினில் ஒரு பின்னிலிருந்து அடுத்த பின் அரை இஞ்ச். ஆகவே 24 இடைவெளி சரியாக 12 இஞ்ச் இருக்க வேண்டும். ஸ்கேலின் பூஜ்யத்தை ஒரு பின்னின் நடுவில் வைத்து, 24ஆவது இடைவெளி முடியும் பின் எங்கே விழுகிறது என்று பார்க்க வேண்டும். 12க்கு மேல் ஒரு இஞ்சில் பதினாறில் ஒரு பங்கு தள்ளியிருந்தால் செயினை மட்டும் மாற்றினால் போதும். எட்டில் ஒரு பங்கு தள்ளிவிட்டால் நீண்ட செயின் பல்லையும் தின்றிருக்கும். புதுச் செயின் போட்டாலும் பழைய ஃப்ரீவீலில் அழுத்தி மிதிக்கும்போது நழுவும். இரண்டையும் சேர்த்து மாற்றும் செலவை விலையில் கழித்துக்கொண்டுதான் பேரம் பேச வேண்டும். அடுத்து சைக்கிளைத் தலைகீழாக வைத்து இரு சக்கரத்தையும் சுற்றிவிட்டு, பிரேக் கட்டைக்கும் ரிம்முக்கும் நடுவில் உள்ள சந்தைப் பார்க்கலாம். ரிம் இடவலமாக ஆடினால் பெண்டு எடுத்துச் சரிசெய்யலாம், அது சின்னச் செலவு. சக்கரம் மேலும் கீழும் துள்ளுகிறது, ரிம்மில் நசுங்கல் தெரிகிறது என்றால் ரிம்மையே மாற்ற வேண்டும். ஹேண்டிலின் கழுத்துக் குழாய்க்குப் பின்னால் பெயின்ட் மயிரிழையாகச் சுருங்கியோ வெடித்தோ இருந்தால், எதிலோ நேராக மோதிய சைக்கிள் அது. விலை எவ்வளவு இறங்கினாலும் அதை அங்கேயே விட்டுவிட வேண்டும்.